கோபம் எந்த இடத்தில் தொடங்கியது?

வணிகவியலும் மேலாண்மையும் பயிலும் மாணவர்களுக்கு நிறுவன நடத்தையியல் என்றொரு பாடம் உண்டு. வங்கிப் பணியாளர்களாகிய நாங்களும் பதவி உயர்வுத் தேர்வுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் அதைச் சந்திக்கிறோம். அப்பாடத்தில் அரைப் பக்க அளவில் ஓர் அலுவலக நிகழ்ச்சியைக் கொடுத்து, இதில் மனவெழுச்சி நுண்ணறிவின் எந்தக் கூறு குறைந்துள்ளது, பணியிட மன அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வழக்கம். எளிய கேள்வியாகவே தோன்றும். ஆயினும் விடை எழுதுவோரில் பலர் ஒரே இடத்தில் வழுக்கி விழுகின்றனர். அந்த இடத்தைக் காட்டுவதற்காக ஒரு நிகழ்ச்சியை நாமே அமைத்துக்கொள்வோம். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்று பழகிய வாசகர்களுக்கு இது புதிய காட்சியாக இராது.

நவம்பர் மாதம், இரண்டாம் வாரம். நடுத்தர நகரம் ஒன்றிலுள்ள வங்கிக் கிளை. கவுண்டர் எழுத்தர்கள் இருவரில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதமாதலால் காலை 10 மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. 10.30 மணிக்கு வட்டார அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது: கேஒய்சி புதுப்பிக்கப்படாத கணக்குகளின் பட்டியல் மாலை 4 மணிக்குள் வேண்டுமாம். மேலாளர் அச்செய்தியை அப்படியே எழுத்தரிடம் கூறிவிட்டுத் தம் அறைக்குத் திரும்புகிறார். 11.15 மணிக்கு முதியவர் ஒருவரின் விரல் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கிறது. எழுத்தர் மூன்று முறை புன்னகையுடன், "ஐயா, விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்" என்கிறார். நான்காம் முறையும் ஏற்கவில்லை. "பிறகு பார்க்கலாம் ஐயா, உட்காருங்கள்" என்று கூறி அடுத்தவரை அழைக்கிறார்.

கண்ணாடித் தடுப்பு வழியே கூட்டத்தைப் பார்த்த மேலாளர், 12 மணிக்கு எழுத்தருக்குத் தேநீர் அனுப்புகிறார். அது மேசையிலேயே ஆறிப்போகிறது. 12.40 மணியளவில் எழுத்தர் நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறார். ஒரே கணக்கு எண்ணை இருமுறை தவறாகத் தட்டச்சு செய்கிறார். 1.15 மணிக்கு ஒரு பெண்மணி பாஸ்புத்தகத்தை நீட்டி, "குறுஞ்செய்திக் கட்டணம் என்று 17 ரூபாய் 70 காசு பிடித்திருக்கிறீர்களே, ஏன்?" என்று கேட்கிறார். எழுத்தர் குரலை உயர்த்தி, "இந்தப் பதினேழு ரூபாய்க்காகவா இவ்வளவு நேரம் நின்றீர்கள்? பின்னால் எத்தனை பேர் என்று பாருங்கள்!" என்கிறார். கூடம் அமைதியாகிறது. மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, அனைவர் முன்னிலையிலும், "உங்களுக்குப் பொறுமையே இல்லை. உங்களைப் பயிற்சிக்கு அனுப்பத்தான் வேண்டும்" என்கிறார். எழுத்தர் பதில் பேசவில்லை. மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தோழரிடம், "அந்த அம்மாவிடம் போய் ஏன் கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை" என்கிறார். மறுநாள் விடுப்பு.

ஆறிய தேநீர்

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் உளவியலாளர்கள் ஆய்வுலகில் முன்வைத்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அலுவலகச் சூழலுக்கெனக் கோல்மன் வகுத்த ஐந்து கூறுகளே இன்று பாடப் புத்தகங்களில் நிலைத்துள்ளன: தன்னையறிதல், தன்னை நெறிப்படுத்தல், உள்ளூக்கம், பிறர் உணர்வறிதல், சமூகத் திறன். மேற்கண்ட எழுத்தரிடம் குறைந்தது இவற்றுள் எது என்று கேட்டால், "தன்னை நெறிப்படுத்தல்" என்றே பெரும்பாலோர் எழுதுவர். கோபம் வந்தது, அடக்கவில்லை; ஆகவே நெறிப்படுத்தல் இல்லை என்பது அவர்களின் வாதம். கிளை மேலாளரும் அதையேதான் சொன்னார்.

காலக் கணக்கை மீண்டும் பார்ப்போம். 10 மணி முதல் 1.15 மணி வரை மூன்றேகால் மணி நேரம் எழுத்தர் ஒருவரிடமும் கடிந்து பேசவில்லை. முதியவரிடம் மூன்று முறை புன்னகைத்தார். தன்னை நெறிப்படுத்தும் திறன் இல்லாதவர் 11.15 மணிக்கே வெடித்திருப்பார். எனவே அத்திறன் அவரிடம் இருந்தது. அளவுக்கு மீறி உழைத்தது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்டு, விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட நூலில், இத்தகைய புன்னகைக்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். உள்ளே ஓர் உணர்வு இருக்க, வெளியே வேறொன்றைக் காட்டுவதை மேற்பரப்பு நடிப்பு என்றார். மூட்டை தூக்குவது உடலைக் களைப்பிப்பதைப் போல, இந்நடிப்பும் ஆளைக் களைப்பிக்கிறது. அதையும் மனச்சோர்வையும் பின்வந்த ஆய்வுகள் பலவும் தொடர்புபடுத்துகின்றன. ஆகவே, "இன்னும் கொஞ்சம் அடக்கியிருக்க வேண்டும்" என்று எழுத்தருக்கு அறிவுரை கூறுவது, களைத்துப்போனவர் தோளில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவதாகும்.

உண்மையில் குறைந்தது எது? ஆறிப்போன தேநீரும் 12.40 மணியும் அதைச் சொல்கின்றன. நெற்றி வலிக்கிறது; விரல் பிசகுகிறது; தேநீர் வந்ததே கருத்தில் இல்லை. உடல் அறிவிப்பு மேல் அறிவிப்பு விடுக்கிறது. அவரோ அவற்றைத் தம் நிலையின் அடையாளங்களாகப் படிக்கவில்லை. இதுவே தன்னையறிதலின் குறை. மாலையில் அவர் கூறிய சொற்கள் இதை உறுதிசெய்கின்றன. "ஏன் கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை" என்பவருக்கு அந்நேரத்தில் தம் உணர்வு தெரியவில்லை. மாறாக, "கோபம் ஏறுகிறது என்று தெரிந்தது, இருந்தும் சொல்லிவிட்டேன்" என்று கூறியிருந்தால், அறிதல் இருந்து நெறிப்படுத்தல் தவறியது என்று கொள்ளலாம். தேர்வுத் தாளில் இவ்விரு கூறுகளையும் பிரித்தறிய இதைவிட நம்பகமான வழியை நாங்கள் கண்டதில்லை. நிகழ்ச்சியில் அவர் கத்தியதைவிட, கத்தியதைப் பற்றிப் பின்னர் அவரே என்ன கூறுகிறார் என்பதைத் தேட வேண்டும்.

இரண்டாவது வகைக்கு ஒரு சிறு காட்சி. கடன் பிரிவு அலுவலர் ஒருவரின் கோப்பை மேலிடம் மூன்றாம் முறையாகக் கேள்விகளுடன் திருப்பி அனுப்புகிறது. இரவு 9 மணிக்குக் கடுமையான மின்னஞ்சல் ஒன்றை எழுதுகிறார். "இப்போது நான் கோபத்தில் இருக்கிறேன், காலையில் படித்துப் பார்த்து அனுப்புவதே நல்லது" என்று மனைவியிடம் கூறுகிறார். பத்து நிமிடம் கழித்து அனுப்பியும் விடுகிறார். இங்கே தன்னையறிதல் முழுமையாக உள்ளது, நெறிப்படுத்தல்தான் இல்லை. வெளித்தோற்றத்தில் இரு நிகழ்ச்சிகளும் ஒன்றே. ஆனால் எழுத்தருக்கு வேண்டியது தம் உடற்குறிகளைக் கவனிக்கும் பழக்கம். கடன் அலுவலருக்கு வேண்டியது எழுதியதைக் காலை வரை வரைவுப் பெட்டியில் வைக்கும் விதி. ஒருவருக்கான மருந்து மற்றவருக்குப் பயன்படாது.

இனி மேலாளரிடம் வருவோம். "அவரிடம் பிறர் உணர்வறிதல் இல்லை" என்பது அடுத்த அவசர விடை. தேநீர் அனுப்பியவர் அவர்தானே? கண்ணாடி வழியே பார்த்தார், எழுத்தர் திணறுகிறார் என்று உணர்ந்தார், தமக்குத் தெரிந்த வகையில் எதையோ செய்தார். பிறர் உணர்வறிதல் அங்கே இருந்தது. உணர்ந்ததைக் கொண்டு சூழ்நிலையைக் கையாள்வது சமூகத் திறன். அதுதான் இருமுறை தவறியது. 10.30 மணிக்கு வட்டார அலுவலகத்தின் சொல்லை மாற்றமின்றிக் கடத்தியது முதல் தவறு. 1.15 மணிக்குக் கூடத்தின் நடுவில் கண்டித்தது இரண்டாவது. கண்டனம் அறைக்குள் நடந்திருந்தால் அது ஓர் உரையாடலாக இருந்திருக்கும். முப்பது பேர் முன்னிலையில் அது அவமதிப்பாயிற்று. மறுநாள் விடுப்பின் காரணத்தை நிகழ்ச்சி சொல்லவில்லை, வாசிப்பவர் ஊகிக்கலாம்.

உள்ளூக்கம் என்னும் கூறுக்கு இந்நிகழ்ச்சியில் வேலை இல்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. எழுத்தர் உணவு இடைவேளையின்றி உழைத்ததைக் காட்டி, "உள்ளூக்கம் மிக்கவர்" என்று எழுதுவோர் உண்டு. பணத்துக்கும் பதவிக்கும் அப்பால், வேலையின் மீதே கொண்ட பற்றினால் முயல்வதைத்தான் கோல்மன் அச்சொல்லால் குறிக்கிறார். வரிசை விடவில்லை என்பதற்காக எழுந்திராமல் இருப்பது அதில் சேராது.

அழுத்தம் யாருடையது?

கேள்வியின் மறுபாதி மன அழுத்தத்தைப் பற்றியது. இங்கு விடைத்தாள்கள் பெரும்பாலும் மெலிந்துவிடுகின்றன. "வேலைப்பளு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றனர். இந்தியச் சூழலில் இதைச் செம்மையாகப் பகுத்துத் தந்தவர் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியாற்றிய உதய் பரீக். அழுத்தத்தை அவர் மனிதரின் குணத்தில் தேடவில்லை. அவர் வகிக்கும் பணிப்பங்கில் தேடினார். 1983-இல் அவர் வெளியிட்ட அளவுகோல், பணிப்பங்கு தரும் அழுத்தத்தைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. வகைக்கு 5 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆகவே ஒரு வகையில் மிகுதியாகப் பெறக்கூடியது 20. மொத்தத்தைவிட எந்த வகையில் எண் உயர்ந்துள்ளது என்பதே பயனுள்ள செய்தி.

பத்தையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. நம் எழுத்தரைத் தொடுபவை மூன்று. முதலாவது பங்குச் சுமை: இருவர் வேலையை ஒருவர் செய்வது. இரண்டாவது வளப் பற்றாக்குறை: விரலை ஏற்காத கருவி, இல்லாத உடன்பணியாளர். மூன்றாவதே ஆழமானது: எதிர்பார்ப்பு முரண். வட்டார அலுவலகம் 4 மணிக்குள் பட்டியல் கேட்கிறது. வரிசை இப்போதே தன்னைக் கவனிக்கச் சொல்கிறது. இரண்டும் முறையான கோரிக்கைகளே. ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று தவறும். சுமை மட்டும் இருந்தால் வேகமாக உழைத்து ஓரளவு சமாளிக்கலாம். முரணை வேகத்தால் தீர்க்க முடியாது. எது முதலில் என்று யாரேனும் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எழுத்தரிடம் இல்லை.

இந்த அதிகாரம் எத்துணை முக்கியமானது என்பதை 1979-இல் ராபர்ட் கரசெக் வெளியிட்ட கோட்பாடு விளக்குகிறது. வேலையின் கோரிக்கை மிகுந்திருப்பது மட்டும் ஒருவரை வாட்டுவதில்லை. கோரிக்கை மிகுந்து, அதை எவ்வாறு, எவ்வரிசையில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும் வேலையே அதிகமாக வாட்டுகிறது என்கிறார் அவர். கவுண்டர் வேலையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அடுத்து யார் வருவார், என்ன கேட்பார், கணினி எப்போது நின்றுபோகும் என்பவற்றில் எதுவும் கவுண்டரில் இருப்பவர் கையில் இல்லை. மேலாளருக்கும் அன்று நெருக்கடிதான். ஆனால் அவரால் எழுந்து நடக்க முடியும். ஒரு தொலைபேசி அழைப்பைத் தள்ளிவைக்க முடியும்.

இந்நிகழ்ச்சியில் பணித்தெளிவின்மை இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. தம்மிடம் யார் எதை எதிர்பார்க்கின்றனர் என்பது எழுத்தருக்கு மிகத் தெளிவாகவே தெரியும், அதுதான் சங்கடம். தெளிவின்மைக்கு வேறொரு படம் தேவை. பதவி உயர்வு பெற்று வேற்று மாநிலக் கிளைக்கு மாற்றலாகும் ஓர் அலுவலரை எண்ணிப் பாருங்கள். கூட்டங்களில் அவர் வாய் திறப்பதில்லை. "ஆர்வமில்லாதவர்" என்று குறிப்பு எழுதப்படுகிறது. விசாரித்தால், எந்த வரம்பு வரை தாமே கையெழுத்திடலாம், எதை மேலாளரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது வெளிப்படும். ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் தேர்வு நாளில் விடுப்பு கிடைக்குமா என்ற கவலை அவரை வேறொரு பக்கம் இழுக்கும். முதலாவதைத் தெளிவின்மை என்றும், பணிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இரண்டாவதைப் பங்குகளிடை விலகல் என்றும் பரீக்கின் பகுப்பு தனித்தனியே பெயரிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மௌனமாகத் தெரியும். ஒன்றை ஒரு பக்கச் சுற்றறிக்கையால் சரிசெய்யலாம், மற்றொன்றை முடியாது.

எழுத்தரைப் பயிற்சிக்கு அனுப்பினால்?

மேலாளரின் தீர்ப்பு பயிற்சி என்பது. அதைச் சற்று ஆராய்வோம். எழுத்தர் இரண்டு நாள் பயிற்சி பெற்று, தம் உடற்குறிகளைப் படிக்கக் கற்றுத் திரும்புகிறார் என்றே கொள்வோம். அடுத்த நவம்பரில் அதே கூட்டம்; அதே ஒற்றைக் கவுண்டர்; அதே தொலைபேசி. 12.40 மணிக்கு, "நான் எல்லையை நெருங்கிவிட்டேன்" என்று அவருக்கு இப்போது தெரிகிறது. எழுந்து பத்து நிமிடம் போக இடமில்லையெனில், அந்த அறிவு அவருக்கு என்ன செய்யும்? தம் துன்பத்தை முன்பைவிடத் துல்லியமாக அறிவார், அவ்வளவே. எங்கள் தொழிலில் ஆள் பற்றாக்குறையை மனவெழுச்சிப் பயிற்சியால் நிரப்பும் ஆசை அவ்வப்போது தலைகாட்டுகிறது. தனிமனிதருக்குள் இருக்கும் குறைக்கு மட்டுமே அப்பயிற்சி மருந்தாகும்.

மற்றொரு வரம்பும் உண்டு. மனவெழுச்சி நுண்ணறிவை அளக்கும் வினாத்தாள்களில் பல, "என் உணர்வுகளை நான் நன்கறிவேன்" போன்ற கூற்றுகளுக்கு விடையளிப்பவரையே மதிப்பெண் இடச் சொல்கின்றன. தன்னையறிதல் குறைந்தவர் தம்மை எப்படிச் சரியாக மதிப்பிடுவார்? அன்று காலை 10 மணிக்குக் கேட்டிருந்தால், நம் எழுத்தர் தமக்கு நான்குக்கு நான்கு இட்டிருப்பார். ஆகவேதான் வினாத்தாளைவிட, மணிக்கணக்கோடு எழுதப்பட்ட ஒரு சிறு நிகழ்ச்சி சில வேளைகளில் அதிகம் சொல்கிறது.

நல்ல விடைத்தாள் எப்படி இருக்கும்? சில வகுப்புகளில், நிகழ்ச்சியை மாற்றி எழுதுங்கள், ஆனால் ஓர் ஆளையும் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது என்று நாங்கள் கேட்பதுண்டு. ஆள் கேட்பது எளிய விடை. அன்று காலை அது கிடைக்கவும் போவதில்லை. இந்நிகழ்ச்சியை அவ்வாறு எழுதிப் பார்த்தால் பெரும்பாலான மாற்றங்கள் எழுத்தரிடம் விழவில்லை, 10.30 மணித் தொலைபேசியில் விழுகின்றன.

மேலாளர் அந்த அழைப்பில், "இன்று ஓய்வூதியர் கூட்டம், ஒரே கவுண்டர். பட்டியல் மாலை 6 மணிக்கு வரும், நானே தயாரிக்கிறேன்" என்று கூறுகிறார். எதிர்பார்ப்பு முரண் அங்கேயே முடிந்துவிடுகிறது. எழுத்தரிடம் ஒரே வேலை மிஞ்சுகிறது. வாழ்நாள் சான்றிதழுக்கு வந்தோருக்குத் தனி டோக்கன் கொடுத்து, 12 மணி வரை அவர்கள், பிறகு மற்றவர்கள் என்று பலகையில் எழுதப்படுகிறது. வரிசையின் ஒழுங்கு இப்போது எழுத்தரின் கையில் ஓரளவு வந்துவிட்டது. 11.15 மணிக்குக் கருவி முதியவரின் தேய்ந்த ரேகையை ஏற்கவில்லை. இரண்டாம் முறையோடு எழுத்தர் நிறுத்திக்கொள்கிறார். கைப்பேசிச் செயலி வழியே முகத்தைக் காட்டியும் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. காவலர் முதியவரை அழைத்துச் சென்று மேலாளர் அறையில் வெளிச்சமான இடத்தில் அமர்த்துகிறார். மேலாளரே செயலியைத் திறக்கிறார்.

12 மணிக்குத் தேநீர் வருகிறது. அதைக் கொண்டு வந்தவர், "ஐயா பத்து நிமிடம் எழுந்து வரச் சொன்னார், அதுவரை அவர் இங்கே உட்காருகிறார்" என்கிறார். மூலக் காட்சியில் இருந்த அதே அக்கறைதான். அங்கே அது கோப்பையோடு நின்றுவிட்டது. இங்கே நாற்காலி வரை வந்திருக்கிறது. எழுந்து நின்ற பிறகே தம் தலை வலிப்பதை எழுத்தர் கவனிக்கிறார். தன்னையறிதலுக்குக்கூட ஒரு சிறு இடைவெளி வேண்டியிருக்கிறது.

1.15 மணிக்கு அதே பெண்மணி அதே பாஸ்புத்தகத்தை நீட்டுகிறார். "காலாண்டுக் கட்டணம் 15 ரூபாய் அம்மா, அதன்மேல் 18 சதவீத வரி 2 ரூபாய் 70 காசு. குறுஞ்செய்தி வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள், நிறுத்திவிடலாம், ஆனால் கணக்கில் பணம் எடுக்கப்பட்டால் உடனே தெரியாது" என்கிறார் எழுத்தர். பெண்மணி சற்று யோசிக்கிறார். ஊரில் தனியே இருக்கும் தம் தாயின் கணக்கு அது என்றும், பணம் எடுத்த செய்தி தம் கைப்பேசிக்கு வருமா என்றும் கேட்கிறார். எண்ணை மாற்ற வேண்டுமானால் கணக்கு வைத்திருப்பவரின் ஒப்பம் வேண்டும் என்று கூறி, எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அடுத்தவர் முன்னே வருகிறார்.